பேக்கரிக்கு எழுதிய மாதப் பேக்கேஜ் கடிதம்: ஓகே ஆனது எப்படி

இன்ஸ்டாவில் மாதாமாதம் போஸ்ட், ரீல்ஸ் செய்து தருகிறேன் என்ற என் ப்ரொபோசலுக்குப் போன வாரம் கோவையில் ஒரு சின்ன பேக்கரி சரி சொல்லிவிட்டது. மாதம் 9,000 ரூபாய். முதல் மாத அட்வான்ஸும் வந்துவிட்டது, இப்போதுதான் மூச்சு விட முடிகிறது. அதனால் சூட்டோடு எழுதி வைக்கிறேன்.

இதற்கு முன்னால் வேறொரு பேக்கரிக்கு 6,000 ரூபாய்க்குச் செய்தேன். அந்தக் கடிதத்தில் “தேவையான போஸ்ட்கள் செய்து தரப்படும்” என்று எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிதான் என்னைக் கொன்றது. ஒரே மாதத்தில் 31 டிசைன். ராத்திரி பத்து மணிக்கு “தம்பி, பப்ஸ் விலை மாறிடுச்சு, மாத்திப் போட்டுடு” என்று மெசேஜ் வரும். அவர்மேல் தப்பில்லை, எல்லை எங்கே என்று நான் சொல்லவே இல்லையே.

இந்த முறை விலையை மணிக்கணக்கில் போட்டேன். இரண்டு ஷூட், போக வர ஆகும் நேரத்தையும் சேர்த்து 6 மணி நேரம். 4 ரீல்ஸ் எடிட் 8. 8 போட்டோ போஸ்ட் 6. கேப்ஷன், ஷெட்யூல் 2. ஓனரிடம் பேச 2. மொத்தம் 24, மணிக்கு 375 வைத்தால் 9,000. கடிதத்தில் மணிக்கணக்கைக் காட்டவில்லை, எண்ணிக்கையை மட்டும்தான் எழுதினேன். ஷூட் நேரத்தை மட்டும் குறிப்பாகப் போட்டேன்: முதல், மூன்றாம் செவ்வாய், மதியம் 3 முதல் 5. அவர் கடையில் பப்ஸ் ட்ரே அடுப்பிலிருந்து வெளியே வருவது அப்போதுதான், மேலடுக்கு உடையும்போது தூள் பறப்பதை எடுக்கலாம். இதற்காகவே இரண்டு நாள் டீ குடிக்கிற சாக்கில் போய் உட்கார்ந்திருந்தேன். அதைப் படித்ததும் ஓனர் அண்ணா நிமிர்ந்து பார்த்தார்.

“பேக்கேஜில் சேராதவை” என்று தனியாக ஒரு பத்தி கட்டாயம் வேண்டும். நான் எழுதியது:
- விளம்பரச் செலவு. உங்கள் கார்டிலிருந்து நேராக மெட்டாவுக்குக் கட்டுங்கள், என் கைக்கு வர வேண்டாம்.
- இன்பாக்ஸில் கேக் ஆர்டருக்குப் பதில் சொல்வது.
- ஒரு போஸ்டுக்கு இரண்டு திருத்தத்துக்கு மேல் போனால் 150 ரூபாய்.
- பிளம் கேக் சீசன் மாதிரி கூடுதல் போஸ்ட் கேட்டால் தனி ரேட்.

பாஸ்வேர்டு வாங்காதீர்கள், பேஜ் ஆக்சஸ் மட்டும் கேளுங்கள். நாளைக்கு விலகினாலும் பேஜ் அவருடையதாகவே இருக்கும்.

“எத்தனை ஆர்டர் வரும்?” என்று கேட்டார். எண் சொல்லவில்லை. ப்ரொஃபைலில் ஒரு வாட்ஸ்அப் லிங்க் வைக்கிறேன், அதைத் தட்டினால் “இன்ஸ்டாவில் பார்த்தேன்” என்ற வரி தானாக டைப் ஆகியிருக்கும், மாதக் கடைசியில் நீங்களே எண்ணிப் பாருங்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார். அப்புறம், “மூணு மாசம் பார்க்கலாம் தம்பி” என்றார். “மூன்று மாதம், பிறகு யார் நிறுத்தினாலும் 30 நாள் முன்னால் சொல்ல வேண்டும்” என்று அங்கேயே கையால் எழுதிச் சேர்த்து, இருவரும் கையெழுத்துப் போட்டோம்.