அந்தப் பொண்ணு கேட்ட கேள்வி

இன்டர்வியூல எல்லார்ட்டயும் நான் முதல்ல கேக்குறது ஒண்ணே ஒண்ணுதான், ஒரு ஸ்ட்ரிங்க திருப்பிப் போடச் சொல்லுவேன். பைத்தான்ல `s[::-1]` அவ்ளோதான், அத எழுதுறதுக்குள்ள ஆளு எப்படின்னு பாத்துரலாம்னு ஒரு நெனப்பு. ரெண்டு வருசம் முன்னாடி ஒரு பொண்ணு வந்துச்சு, அம்பாசமுத்திரம் பக்கம். கேள்விய கேட்டதும் பேனாவ எடுக்கல. "சார், எந்த எழுத்துல கேக்கீங்க? தமிழ்ல கொடுத்தா வேற மாதிரி வருமே"ன்னுச்சு.

நான் சிரிச்சேன். அதான் இன்னும் உறுத்திட்டே இருக்கு. கேலியா எல்லாம் சிரிக்கல, பதில் தெரியாம நேரத்தக் கடத்துதுன்னு நெனச்சு, பெரிய மனுசன் மாதிரி ஒரு சிரிப்பு. "hello-ன்னு வச்சுக்கிடும்மா, ரொம்ப யோசிக்காத"ன்னேன். அது ஒழுங்கா எழுதிட்டு, கீழ என்னமோ ஒண்ணு கிறுக்கிட்டுப் போச்சு. நாங்க எடுக்கல. எடுக்காததுக்கு இதான் காரணம்னு சொல்ல முடியாது, டேட்டாபேஸ் கேள்வியில ஜாயின் தெரியல, அது நெசம். ஆனா என் மனசுல அதுக்கு முன்னாடியே முடிவு ஆயிருச்சான்னு கேட்டா, ஆமான்னும் சொல்ல முடியல இல்லன்னும் சொல்ல முடியல.

போன ஆவணியில ஒரு கல்யாணம். நாங்க மொய் எழுதுற சாப்ட்வேர் பண்ணிக் கொடுத்துருக்கோம், மண்டபத்துல மேஜையில உக்காந்து டைப் பண்ணா பேரும் தொகையும் டிவியில ஓடும், கடைசில லிஸ்ட் பிரிண்ட் எடுத்துக் கொடுத்துரலாம். வெளிநாட்டுல இருக்கவங்க போன்லயே மொய் போடுறதுக்கு ஒரு லிங்க் புதுசா சேத்திருந்தோம். அதுல ஒரு குடும்பம் மஸ்கட்ல இருந்து போட்டிருக்காவ, பேரு இருக்க இடத்துல இப்படி:

செல்வி குடும்பம் 👨‍👩‍👧

டிவியில வந்தது அப்பாவும் அம்மாவும் மட்டும். தனித்தனியா ரெண்டு தலை, பிள்ளையக் காணோம். யாரோ அத போட்டோ புடிச்சு அவங்களுக்கே அனுப்பிட்டாவ. ஏற்கனவே பத்திரிகையில பிள்ள பேரு போடலன்னு ஒரு மனத்தாங்கல் இருந்துருக்கு போல, இது எண்ணெய ஊத்துன மாதிரி ஆயிருச்சு. மேஜையில இருந்த அண்ணாச்சி எனக்கு போன் போட்டு, "ஏ தம்பி, பிள்ளைய என்னவே பண்ணுனிய?"ன்னு கேட்டப்ப எனக்கு ஒண்ணும் புரியல.

ராத்திரி உக்காந்து பாத்தேன். பைத்தானுக்கு ஸ்ட்ரிங்னா கோடு பாயிண்ட்களோட வரிசை, அவ்வளவுதான். கோடு பாயிண்ட்னா யூனிகோடுல ஒவ்வொரு குறிக்கும் உள்ள நம்பர், தமிழ்ல புள்ளி, கொம்பு, காலுக்கெல்லாம் தனித்தனி நம்பர். நம்ம கண்ணுக்கு அந்தக் குடும்பம் ஒரே படம், பைத்தானுக்கு அஞ்சு: ஆம்பள, ஒரு ஒட்டு, பொம்பள, இன்னொரு ஒட்டு, பொம்பளப் பிள்ள. அந்த ஒட்டு U+200D, கண்ணுக்குத் தெரியாது, நாங்க ஜாயினர்னு சொல்லுவோம். பக்கத்துல இருக்க ரெண்ட ஒண்ணா வரைன்னு எழுத்துருவுக்குச் சொல்றது அதுதான். இப்ப எண்ணிப் பாருங்க. "செல்வி" ஆறு, இடைவெளி ஒண்ணு, "குடும்பம்" ஒன்பது, இன்னொரு இடைவெளி, ஆக 17. அப்பறம் அஞ்சு, மொத்தம் 22. கோடுல `name[:20]`னு இருந்துச்சு. 18 அப்பா, 19 ஒட்டு, 20 அம்மா, அங்கயே கத்தி விழுந்துருச்சு. 21ம் 22ம் வெளிய. அதாவது பிள்ள.

அந்த வரிய எழுதுனது யாருன்னு பாத்தேன். யாராவது புதுப்பையனா இருக்கும்னு ஒரு ஆசை. நான்தான்.

முதல்ல எனக்குத் தோணுனது மட்டமான வேலை, ஜாயினர எல்லாம் replace பண்ணித் தூக்கிரலாம்னு. செஞ்சும் பாத்தேன். குடும்பம் மூணு தனி ஆளா ஆயிருச்சு, 👩‍🏫 டீச்சர் ஒரு பொம்பளையும் ஒரு பள்ளிக்கூடமும்னு ரெண்டாப் பிரிஞ்சிருச்சு. அதுவும் போக ஜாயினர் இல்லாமலே ஒட்டுற ஜாதி வேற இருக்கு. 🇮🇳 கொடி வந்து I, N ன்னு ரெண்டு கோடு பாயிண்ட், அத `[::-1]` போட்டா N, I ஆயிரும், நிகராகுவா கொடி வந்து நிக்கும். நான் வருசக்கணக்கா இன்டர்வியூல சரின்னு டிக் போட்ட பதில் இது. 👍🏽 மாதிரி நிறம் வச்ச கைய திருப்புனா நிறம் முன்னாடி ஒரு கட்டமா நிக்கும், கை மஞ்சளாயிரும்.

இதுக்கெல்லாம் யூனிகோடுல ஒரு கணக்கு வச்சிருக்கான், கிராபீம் கிளஸ்டர், அதாவது படிக்கவன் ஒரு எழுத்துன்னு எத நெனைக்கானோ அது. பைத்தானோட சொந்த `re` ல இதுக்கு வழி கிடையாது, `\X` னு போட்டா bad escape ன்னு எரர் வரும். `regex` னு தனியா இன்ஸ்டால் பண்ணணும், அதுல `\X` ஒரு முழு கிளஸ்டர எடுக்கும். திருப்புறதுன்னா கிளஸ்டரா பிரிச்சுட்டு அந்த லிஸ்ட்டத் திருப்பணும்:

```python
import regex
"".join(regex.findall(r"\X", s)[::-1])
```

வெட்டுறதும் இதே மாதிரி பண்ணிரலாம்னு `[:20]` ஐ அந்த லிஸ்ட் மேல போட்டு முடிச்சேன்னு நெனச்சேன், அங்கதான் இன்னொரு சிக்கல். டேட்டாபேஸ்ல பேரு இருக்க column 20 கேரக்டர், அதுவும் எண்ணுறது கோடு பாயிண்ட்தான். செல்வி குடும்பம் கிளஸ்டர் கணக்குல வெறும் 11, அதனால அப்படியே தாண்டிப் போயி டேட்டாபேஸ்ல முட்டிருச்சு. அப்ப அளக்குறது வேற, வெட்டுறது வேற. அளவு எந்த கணக்குல வரையறுத்திருக்கோ அதுல அளக்கணும், ஆனா கத்தி கிளஸ்டர் ஓரத்துல மட்டும்தான் விழணும்.

```python
def cut(s, limit):
    out, used = [], 0
    for g in regex.findall(r"\X", s):
        if used + len(g) > limit:
            break
        out.append(g)
        used += len(g)
    return "".join(out)
```

இதப் போட்டா என்னாச்சுன்னா, 17 வரைக்கும் போயி அடுத்த கிளஸ்டர் அஞ்சு, 22 ஆகுதே, இடமில்லன்னு நின்னுருச்சு. குடும்பமே காணோம். அண்ணாச்சிட்ட காட்டுனா, "இப்ப அப்பனும் ஆத்தாளும் சேந்து போயிட்டாவளே"ங்காரு. கோடு சரிதான், உடையல. ஆனா பிள்ளைய மட்டும் விடுறதுக்கு எல்லாரையும் விடுறது எந்த வகையில மேலுன்னு கேட்டா பதில் இல்ல. கடைசில அந்த column-அ பெருசாக்கிட்டு, டிவியில தெரியுறதுக்கு மட்டும் கிளஸ்டர் கணக்குல 20ன்னு வச்சோம். அதுவும் முழுப் பாதுகாப்பு இல்ல, ஒரே கிளஸ்டர்ல எத்தன ஒட்டு வேணாலும் சேத்துக்கிட்டே போலாம், அதனால மேல ஒரு கோடு பாயிண்ட் உச்சவரம்பும் வச்சிருக்கோம்.

இதோட முடிஞ்சிருந்தா நான் இத எழுதிருக்க மாட்டேன். டெஸ்ட் பண்ண பழைய கல்யாண லிஸ்ட்ட அண்ணாச்சிட்ட கேட்டு வாங்குனேன். பிரிண்ட் எடுத்த தாள்ல அங்கங்க நீல பேனாவுல புள்ளி. "ஆறுமுகம், பிச்சம்மாள்"னு ஒரு பேரு, எண்ணிப் பாத்தா கோடு பாயிண்ட் 21. நம்ம கண்ணுக்கு எழுத்து 11தான், கமாவும் இடைவெளியும் சேத்தாலும் 13. ஆனா 21ஆவது இருக்கது கடைசி ள் மேல உள்ள புள்ளி, அது வெட்டுப்பட்டு "பிச்சம்மாள"ன்னு வந்துருக்கு. அவரு பேனாவுல புள்ளி வச்சிருக்காரு. இன்னொரு பேர்ல கொம்பு போட்டிருக்காரு, இன்னொண்ணுல காலு. ரெண்டு வருசமா, ஒவ்வொரு கல்யாணத்துக்கும்.

"ஏன் அண்ணாச்சி சொல்லல?"ன்னேன்.

"கம்ப்யூட்டர் தமிழ் அப்படித்தான வரும்னு நெனச்சோம்."

பொம்மைக்கு வந்த சண்ட பிச்சம்மாளுக்கு வரலியேன்னு எனக்கு அன்னைக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. தமிழ் உடையுறத யாரும் எரர்னே எடுத்துக்கல, நான் உள்பட, நானும் தமிழ்லதான டெஸ்ட் பண்ணேன், "முருகன்"னு சின்னப் பேரா போட்டு. என் பக்கமும் சொல்லணும்லா, ஒரு வாரத்துல முடிச்சுக் கொடுக்கச் சொன்னா எவனும் `[:20]`தான் எழுதுவான். சொல்லிட்டேன், ஆனா சொன்னதும் அது ஒரு சமாதானமாத் தோணல. 21 எழுத்துக்குப் பேரு இருக்காதுன்னு முடிவு பண்ணதே கண்ணால எண்ணித்தான், பைத்தான் எண்ணுறது மாதிரி எண்ணல.

கிளஸ்டரும் முழு மருந்து இல்லங்கிறதயும் சொல்லிருதேன். ஸ்ரீவைகுண்டத்துல இருக்க ஸ்ரீய நாம ஒரே எழுத்தாதான் பாக்கோம், `\X` அத ஸ் தனி, ரீ தனின்னுதான் பிரிக்கும். க்ஷ வும் அப்படித்தான். திருப்புனா "ம்டண்குவைரீஸ்"னு வரும், வெட்டு சரியா அந்த இடத்துல விழுந்தா வெறும் "ஸ்" நிக்கும். தமிழுக்கு அந்தக் கூட்டெழுத்த ஒண்ணாப் புடிக்கணும்னா நாமளே தனியா ஒரு விதி எழுதணும். இன்னும் எழுதல, அண்ணாச்சியும் பேனாவ இன்னும் சட்டப் பையிலதான் வச்சிருக்காரு.

அந்தப் பொண்ண அன்னைக்கு எடுத்திருந்தா இது நடந்திருக்காதான்னு அடிக்கடி யோசிக்கேன். நடந்திருக்கும்னுதான் தோணுது, ஏன்னா ரிவ்யூ பண்ணிருக்கப் போறது நான், "ரொம்ப யோசிக்காத"ன்னுதான் சொல்லிருப்பேன். இப்ப இன்டர்வியூல "நெல்லை"ய திருப்பிப் போடச் சொல்லுதேன், வந்தவன் எல்லாம் முழிக்கான், நானும் எத சோதிக்கேன்னு எனக்கே சரியாத் தெரியல.

போன மாசம் பைல்கட்ட ஒதுங்க வைக்கும்போது அந்த இன்டர்வியூ தாள் கெடச்சுது. மேல என் கையெழுத்துல "தெளிவு இல்லை"ன்னு இருக்கு. கீழ அது கிறுக்குனது ஒரு சின்ன வட்டம், புள்ளி புள்ளியா, முன்னாடி ஒரு ஐகாரச் சுழி, பக்கத்துல ல்லெந. அன்னைக்கு நான் அத பேனா எழுதுதான்னு இழுத்துப் பாத்ததுன்னு நெனச்சேன். டெர்மினல்ல `"நெல்லை"[::-1]` போட்டேன். அதே புள்ளி வட்டம், அதே சுழி, அதே ல்லெந.