புரோடீனியா புழுவின் தோலுரிப்பை நோவலூரான் குலைக்கும் விதம்: செய்து பார்த்த குறிப்புகள்

நோவலூரான் போன்ற வளர்ச்சி ஒழுங்குபடுத்தி வகைப் பூச்சிக்கொல்லிகள் புழுவை உடனே கொல்வதில்லை, அடுத்த தோலுரிப்பின்போதுதான் கொல்கின்றன என்று எல்லாக் கையேடுகளும் கூறுகின்றன. தோலுரிப்பின் எந்தப் படியில் வேலை தடைப்படுகிறது என்பதை நேரில் பார்க்க வேண்டும் என்பதற்காகவே இந்தச் சோதனையைத் தொடங்கினேன். ஆமணக்கு இலையில் எளிதாக வளர்வதாலும், தலை ஓடு கண்ணுக்கு நன்றாகத் தெரிவதாலும் புரோடீனியா புழுவைத் தேர்ந்தெடுத்தேன். ஒன்றையொன்று கடிக்காதிருக்க ஒவ்வொரு புழுவையும் தனிக் கிண்ணத்தில் வைத்தேன்.

நூற்றுக்குப் பத்துப் பங்கு நோவலூரான் உள்ள குழம்பு மருந்தில் 0.1 மில்லிலிட்டரை ஒரு லிட்டர் நீரில் கலந்தால், லிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் மருந்து உள்ள கரைசல் கிடைக்கும். அதைப் பத்து மடங்கு நீர்த்து 1 மில்லிகிராம் கரைசலையும் தயாரித்தேன். இலைத் துண்டைக் கரைசலில் 10 விநாடி மூழ்க வைத்து, ஈரம் முழுவதும் உலர்ந்த பிறகே புழுவுக்குக் கொடுத்தேன். ஒப்பீட்டுக்கான புழுக்களுக்கு, ஒட்டுந்திரவம் மட்டும் சேர்த்த நீரில் நனைத்த இலை.

எதைப் பார்க்கிறோம் என்பது புரிய வேண்டுமானால் தோலின் அமைப்பைச் சற்று நின்று கவனிக்க வேண்டும். பூச்சியின் வெளித்தோல் உயிரற்ற ஒரு படலம். அதை உண்டாக்குவது அடியிலுள்ள ஒற்றைச் செல் அடுக்கு. மேலே மெழுகு பூசிய மிக மெல்லிய மேற்படலம் இருக்கிறது. இதில் கைட்டின் என்னும் நார்ப்பொருள் கிடையாது. அதன் கீழே கைட்டின் இழைகளும் புரதமும் பின்னிய தடித்த அடுக்கு. இழுவிசையைத் தாங்குவது கைட்டின். விறைப்பைத் தருவது, இறுகிக் கருக்கும் புரதம். இந்தத் தோல் ஓரளவுக்கு மேல் விரியாது என்பதால், புழு வளர வேண்டுமானால் பழையதைக் கழற்றியே ஆக வேண்டும்.

கழற்றும் வேலை நாம் காணும் உரிப்புக்கு வெகுநேரம் முன்பே தொடங்கிவிடுகிறது. தோலுரிப்பைத் தூண்டும் எக்டைசோன் ஹார்மோனின் அளவு உயரும்போது செல் அடுக்கு பழைய தோலிலிருந்து விலகுகிறது. அந்த இடைவெளியில் உரிப்புத் திரவம் சுரக்கிறது. முதலில் புதிய மேற்படலம் உருவாகிறது. அதன் பாதுகாப்பில், திரவத்திலுள்ள கைட்டினேஸ் போன்ற நொதிகள் விழித்துப் பழைய தோலின் உட்பகுதியைக் கரைக்கின்றன. கரைந்த பொருள் உறிஞ்சப்பட்டுப் புதிய தோலுக்கே மீண்டும் பயன்படுகிறது. அதாவது, வெளியே வரும் முன்பே புழு இரண்டு தோல்களுக்குள் இருக்கிறது. ஹார்மோன் அளவு மறுபடி இறங்கினால்தான் உரிப்பு இயக்கம் தொடங்கும் என்பதையும் இங்கே குறித்துக்கொள்ள வேண்டும்.

வெளியிலிருந்து இந்தக் கட்டத்தைக் கண்டுபிடிக்கத் தலை ஓடே சிறந்த அடையாளம். உரிப்பு நெருங்கும்போது பழைய, கருத்த தலை ஓடு முன்னோக்கி நழுவி முகத்தின்மேல் தொங்க, அதன் பின்னால் வெளிர்நிறப் புதிய தலை உப்பித் தெரிகிறது. அப்போது புழு இலையைத் தொடாது. இரண்டு உரிப்புகளுக்கு இடைப்பட்ட காலமே ஒரு பருவம்; புழு எந்தப் பருவத்தில் இருக்கிறது என்பதைக் கழன்ற ஓட்டின் அகலத்தை அளந்து அறியலாம். அடுத்தடுத்த பருவங்களில் அந்த அகலம் ஏறத்தாழ நிலையான விகிதத்தில் கூடும் என்பது 1890-இல் டையார் வகுத்த விதி. உடல் நீளத்தை நம்பக் கூடாது; அது உண்ட அளவுக்கேற்ப மாறும்.

இப்போது கண்டவற்றுக்கு வருகிறேன். புதிதாக மூன்றாம் பருவத்துக்கு வந்த புழுக்கள் மருந்து தோய்ந்த இலையைத் தயக்கமின்றித் தின்றன. எச்சம் விழுவது ஒப்பீட்டுக் கிண்ணங்களைப் போலவே இருந்தது. முதல் நாளில் யாராவது பார்த்திருந்தால் மருந்து பயனற்றது என்றே முடிவுகட்டியிருப்பார். பருவத்தின் முடிவில் தலை ஓடும் வழக்கம்போல் நழுவியது. அதற்குப் பிறகே வேறுபாடு தெரிந்தது. சிலவற்றில் பழைய தோல் முதுகில் வெடித்ததும் புதிய தோலும் சேர்ந்து கிழிந்து, உடல்திரவம் கசிந்து அவ்விடம் கருத்தது. சிலவற்றில் பழைய தோல் பாதி கழன்று, இடுப்பில் கச்சைபோல் இறுகி நின்றுவிட்டது. இவற்றைவிட எனக்கு வியப்பளித்தவை, 1 மில்லிகிராம் கரைசலில் முழுமையாக உரித்து வெளிவந்த ஒரு சில புழுக்கள். அவற்றுக்குப் புதிய இலையைக் கொடுத்தும் விளிம்பில் கீறல்கூட விழவில்லை. லென்ஸில் பார்த்தபோது தாடைகள் வெளிறி, ஊசிமுனைக்கு வளைந்தன. கடிக்கும் வலிமை தாடைக்கும் வேண்டும், தாடைத் தசை பற்றும் தலைச்சுவருக்கும் வேண்டும். இரண்டும் கைட்டின் குறைந்த தோலால் ஆனவை.

மேற்படலத்தில் கைட்டின் இல்லாததால் புதிய தோலின் மேற்பரப்பும் நிறக்கோலமும் உருவாகிவிடுகின்றன. அடியில் தாங்கும் அடுக்குதான் இல்லை. பார்வைக்குத் தோல் இருக்கிறது, இழுத்தால் இல்லை. நோவலூரான் போன்ற பென்சாயில்யூரியா மருந்துகள் கைட்டினை உருவாக்கும் கைட்டின் சிந்தேஸ் நொதியில்தான் செயல்படுகின்றன என்பது நெடுங்காலம் விவாதமாகவே இருந்தது. அந்த நொதியில் ஒரே ஓர் அமினோ அமிலம் மாறினால் பூச்சி எதிர்ப்புத்திறன் பெறுகிறது என்பதை வைரமுதுகு அந்துப்பூச்சியிலும், பின்னர் மரபணுத் திருத்தம் செய்த பழ ஈக்களிலும் 2016-இல் காட்டிய பிறகு ஐயம் பெரும்பாலும் நீங்கியது.

மருந்து கொடுக்கும் நேரத்தை மாற்றிப் பார்த்தது இந்தச் சோதனையில் மிகப் பயனுள்ள பகுதி. தலை ஓடு ஏற்கெனவே நழுவிய புழுக்களை மருந்திட்ட இலையில் விட்டபோது அவை ஒழுங்காக உரித்தன. அவை அந்நேரம் உண்பதில்லை. உண்ணாமல் மருந்து உள்ளே போதிய அளவு சேராது. ஆனால் உரித்தபின் அதே இலையைத் தின்று, அதற்கடுத்த உரிப்பில் மடிந்தன. ஒரே கிண்ணத்தில் பல வயதுப் புழுக்கள் கலந்திருந்தால் இறப்பு பல நாட்களுக்குச் சிதறிப்போவது இதனால்தான். ஆகவே இத்தகைய மருந்தை 48 மணிநேரக் கணக்கில் மதிப்பிடுவது பொருளற்றது. ஒப்பீட்டுப் புழுக்கள் அனைத்தும் அடுத்த பருவத்தை அடையும்வரை காத்திருந்தே எண்ண வேண்டும்.

ஒப்பிட்டறிய டெபுஃபெனோசைடையும் தனியாகச் சோதித்தேன். இது எக்டைசோன் ஏற்பியில் ஒட்டிக்கொண்டு, அந்த ஹார்மோன் இருப்பதாகவே உடலை ஏமாற்றுகிறது. இங்கே எச்சம் ஒரே நாளுக்குள் நின்றுவிட்டது. உடல் வளராத நிலையிலேயே, உரிய காலத்துக்கு முன்பாகத் தலை ஓடு நழுவியது. ஆனால் மருந்து எளிதில் சிதையாமல் ஏற்பியிலேயே நிற்பதால், உரிப்புக்கு வேண்டிய அந்த ஹார்மோன் இறக்கத்தை உடல் உணரவில்லை. புழு இரட்டைத் தலையோடு அசையாமல் கிடந்து உலர்ந்தது. எனவே நழுவிய தலையோடு செத்த புழுவைக் கண்டால் எச்சத்தைப் பார்த்தாலே போதும்: கடைசிவரை தின்று, முழு அளவுக்கு வளர்ந்திருந்தால் கைட்டின் தடை, சிறுத்து, எச்சம் முன்பே நின்றிருந்தால் ஹார்மோன் வகை.

கழுவிய நீரை எங்கே கொட்டுவது என்பதிலும் கவனம் வேண்டும். நீர்த்தெள்ளு, இறால், நண்டு ஆகியவையும் கைட்டின் தோலை உரித்தே வளர்கின்றன. அதனால் மீதிக் கரைசலை நீர்நிலைக்குப் போகும் வடிகாலில் விடவில்லை.

கடைசிப் பருவப் புழுக்களில் முடிவு மாறுபட்டது. பலவும் மண்ணுக்குள் இறங்கிக் கூட்டுப்புழுவாக முயன்று, முன்பாதி பழுப்பு ஓடும் பின்பாதி புழுத்தோலுமாக நின்றன. தப்பி அந்துப்பூச்சியானவற்றை இப்போது இணைசேர விட்டிருக்கிறேன். தாய்க்குள் சென்ற பென்சாயில்யூரியா முட்டைக்கும் கடந்து, உள்ளே வளரும் குஞ்சுப்புழுவின் தோலைக் குலைக்கக்கூடும் என்பதால், இனி எண்ண வேண்டியவை இடப்பட்ட முட்டைகள் அல்ல, பொரிந்த முட்டைகள். பொரியாதவற்றில் கருத்த தலை தெரிகிறதா என்பதையும் சேர்த்துக் குறித்துவருகிறேன். தெரிந்தால் கரு வளர்ந்தும் வெளியேற முடியவில்லை என்று கொள்ளலாம், தெரியாவிட்டால் முட்டை கருவுறாமலே போயிருக்கலாம்.