காலிபரேஷன் மீட்டிங்குக்கு மினிட்ஸ் எழுதப் போகிறவர்களுக்கு

ஆண்டு அப்ரைசலில் மேனேஜர்கள் எல்லாரும் ஓர் அறையில் உட்கார்ந்து ரேட்டிங்குகளைச் சமன்செய்யும் காலிபரேஷன் கூட்டம் உங்களுக்குத் தெரிந்ததுதான். அதற்கு மினிட்ஸ் எழுதும் வேலை இந்த முறை மனிதவளத் துறையிலிருந்து என் தலையில் விழுந்தது. மேல்முறையீடு உட்பட எல்லாம் முடிந்துவிட்டதால் நிம்மதியாக எழுதுகிறேன். கோபம் மட்டும் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது.

மாதிரிக்கு முந்தைய ஆண்டின் மினிட்ஸைக் கேட்டு வாங்கினேன். ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் ஒரே வரி: 'விவாதிக்கப்பட்டது. 3 என முடிவு செய்யப்பட்டது.' ரகசியம் காக்கிறோம் என்று நினைத்து எழுதியிருக்கிறார்கள். பெயரை அப்படியே போட்டுவிட்டுக் காரணத்தை மறைப்பதில் என்ன ரகசியம் இருக்கிறது? அந்த ஆண்டு ஓர் ஊழியர் மேல்முறையீடு செய்தபோது, 4 ஏன் 3 ஆனது என்று யாராலும் சொல்ல முடியவில்லை. அவருடைய மேனேஜரோ, "நான் 4-தான் கொடுத்தேன், கூட்டத்தில்தான் குறைத்துவிட்டார்கள்" என்று சொல்லிக் கைகழுவிவிட்டார். காரணம் எழுத்தில் இல்லாத இடத்தில் இந்த வசனம் கட்டாயம் வரும்.

அழைப்பு அனுப்புவது, ரேட்டிங் வரையறைகளை முன்கூட்டியே சுற்றுக்கு விடுவது எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. பெயர்களுக்குப் பதில் குறியீடு போடும்போதுதான் முதல் இடறல். தயாராக வந்த பட்டியலில் பெயர்களை அகரவரிசைப்படி அடுக்கி, த-01, த-02 என்று எண் கொடுத்திருந்தார்கள். ஊழியர் பட்டியலைக் கையில் வைத்திருக்கும் எவரும் நொடியில் கண்டுபிடித்துவிடலாம். எண்களைக் கலைத்துப் போட்டு, எந்த எண் யாருக்கு என்ற திறவுத்தாளைத் தனிக் கோப்பாக வைத்தோம். அதைத் திறக்கும் அனுமதி துறையில் இருவருக்கு மட்டும். பதவி நிலையையும் சேர்த்து எழுதினால் குறியீடு வீண் என்பதையும் கவனியுங்கள். அந்த நிலையில் ஒரே ஒருவர் இருந்தால், அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதற்குச் சமம்.

ஒரு மேனேஜரின் கீழ் லண்டன் அலுவலக ஊழியர்கள் சிலர் இருந்தார்கள். "குறியீடுதானே, அவர்கள் கேட்டாலும் மினிட்ஸைக் கொடுக்க வேண்டியதில்லை" என்றார். அப்படி இல்லை. பிரிட்டன் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தன்னைப் பற்றிய தகவலைக் கேட்கும் உரிமை ஊழியருக்கு உண்டு. அவரைப் பற்றி மற்றவர்கள் சொன்ன கருத்தும் அதில் அடங்கும். பொதுவாக ஒரு மாதத்துக்குள் பதில் தர வேண்டும். திறவுத்தாள் நம்மிடம் இருக்கும்வரை குறியீடு போட்டதும் தனிநபர் தகவலே. ஆகவே ஒவ்வொரு வரியையும் சம்பந்தப்பட்டவர் ஒருநாள் படிப்பார் என்று எண்ணித்தான் எழுத வேண்டும்.

இனி கூட்டத்துக்குள் நடந்தது. காரண வாக்கியத்தைக் கூட்டம் முடிந்த பிறகு நினைவிலிருந்து எழுதக் கூடாது, அடுத்த ஊழியருக்குப் போகும் முன்பே உரக்க வாசித்துக் காட்டிக் கூட்டத் தலைவரின் ஒப்புதலை வாங்க வேண்டும் என்று முதலிலேயே கேட்டுக்கொண்டேன். "நேரம் போகிறது" என்று முணுமுணுப்பு எழுந்தது. த-07 வந்தபோது அது அடங்கிவிட்டது. அவருக்கு முன்மொழிவு 4. நீண்ட வாக்குவாதத்துக்குப் பிறகு 3 என்றார்கள். என்ன காரணம் எழுதட்டும் என்று கேட்டேன். "இன்னாரோடு ஒப்பிட்டால் குறைவு" என்றார் ஒருவர். இன்னொருவரின் பெயர் இந்த வரிக்குள் வரவே கூடாது. வந்தால் இவருக்குக் காட்டும்போது அவருடைய தகவலும் வெளியே போகும். 4-க்கான வரையறையோடு ஒப்பிட்டுச் சொல்லுங்கள் என்றேன். மேலும் பேசி இப்படி ஒரு வாக்கியத்துக்கு வந்தார்கள்:

'த-07. முன்மொழிவு 4, முடிவு 3. வேறுபட்ட அளவுகோல்: தன் குழுவைத் தாண்டிய தாக்கம். பார்க்கப்பட்ட சான்று: இரண்டு திட்டங்களின் ஒப்படைப்பு அறிக்கைகள், ஊழியரின் சுயமதிப்பீடு. இவை குழுவுக்குள் நடந்த சிறந்த பணியைக் காட்டுகின்றன. குழுவுக்கு வெளியே தாக்கம் தெரியவில்லை. மாற்றுக் கருத்து ஒன்று முன்வைக்கப்பட்டது; ஆதாரச் சான்று அளிக்கப்படவில்லை. தலைவர் முடிவை உறுதிசெய்தார்.'

யார் என்ன சொன்னார் என்பது இதில் இல்லை. எதைப் பார்த்து முடிவு செய்தார்கள் என்பது இருக்கிறது. ரேட்டிங் மாறியவர்களுக்கு மட்டும் இப்படி விரிவாக எழுதினால் போதும். மாறாதவர்களுக்கு 'முன்மொழிவு ஏற்கப்பட்டது' என்ற வரியும் எந்தச் சான்று பார்க்கப்பட்டது என்பதும் போதுமானவை.

த-11 வந்தபோது அறை இறுகிப்போனது. அவர் 26 வார மகப்பேறு விடுப்பில் இருந்தவர். "பாதி வருஷம் இல்லாதவருக்கு எப்படி 4?" என்று ஒரு குரல். இதை மினிட்ஸில் எழுதலாமா, விடலாமா? சொன்னவரைக் காப்பாற்ற விட்டுவிட்டு, அந்தப் பேச்சாலேயே ரேட்டிங் குறைந்திருந்தால், நான் எழுதுவது பொய்ப் பதிவு. ஆகவே தலைவரிடமே கேட்டேன்: இது முடிவில் கணக்கில் வருகிறதா, இல்லையா? வராது என்று அவர் வாய்விட்டுச் சொல்ல வேண்டியதாயிற்று. 'பணியில் இருந்த காலத்துக்கு வகுத்த இலக்குகள் மட்டும் மதிப்பிடப்பட்டன. அளவுகோலில் சேராத ஒரு கருத்து எழுந்தது. தலைவர் அதை விலக்கினார்' என்று எழுதினேன். விடுப்பு, அதன் வகை, உடல்நலம், குடும்பம் எதுவும் எழுத்தில் இல்லை. 4 அப்படியே நின்றது.

இவ்வளவு கவனமாக எழுதி முடித்து வெளியே வந்தால், கூட்டச் செயலி தானாகவே பேச்சு முழுவதையும் எழுத்தாக்கி, அழைப்புப் பட்டியலில் இருந்த அனைவருக்கும் திறந்து வைத்திருந்தது. பெயர்கள், அந்தக் கேள்வி, சிரிப்பு, எல்லாம்! தொழில்நுட்ப உதவிப் பிரிவுக்கு ஓடினால், அழைப்பை அனுப்பியவர்தான் அழிக்கச் சொல்ல வேண்டும் என்றார் அங்கிருந்தவர். அழைப்பு தலைவரின் செயலாளர் கணக்கிலிருந்து போயிருந்தது. அவர் விடுமுறையில் ஊருக்குப் போயிருந்தார். "விதி அதுதான் மேடம்" என்று உதவிப் பிரிவில் இருந்தவர் திரையைப் பார்த்தபடியே சொன்னார். கடைசியில் தலைவரே தொலைபேசியில் கத்திய பிறகுதான் அணுகல் அடைக்கப்பட்டது. அந்த எழுத்துப் பதிவை இறுதி மினிட்ஸ் ஒப்புதலான பிறகு, எங்கள் ஆவணக் கொள்கைப்படி அழித்தோம். புகார் ஏதாவது நிலுவையில் இருந்தால் அழிக்கவே கூடாது. கூட்டம் தொடங்கும் முன்பே அந்த வசதி அணைந்திருக்கிறதா என்று நீங்களே பார்த்துவிடுங்கள்.

வரைவைப் படித்த ஒரு மேனேஜர், 'சான்று அளிக்கப்படவில்லை' என்பதை 'போதுமான விவாதம் நடந்தது' என்று மாற்றச் சொன்னார். வாசித்து ஒப்புக்கொண்ட வாக்கியத்தை மாற்ற முடியாது, வேண்டுமானால் தேதியிட்டுத் தனிக் குறிப்பாகச் சேர்க்கலாம் என்றேன். குறிப்பு வரவில்லை.

எதிர்பார்த்தபடியே த-07 மேல்முறையீடு செய்தார். அவருக்கு அவருடைய வரியை மட்டும் கொடுத்தோம். படித்துவிட்டு, இன்னொரு குழுவின் வெளியீடு தடைபட்டபோது இரண்டு வாரம் தான் உதவியதையும், அக்குழுத் தலைவர் அனுப்பிய நன்றி மின்னஞ்சலையும் காட்டினார். சான்றுப் பட்டியலில் அது இல்லை என்பது வரியிலேயே தெரிந்ததால், கூட்டத்தில் இல்லாத இருவர் மறுபரிசீலனை செய்து 4 ஆக்கினார்கள். அந்த மின்னஞ்சலின் நகல் முதலிலேயே போயிருந்தது அவருடைய சொந்த மேனேஜருக்கு.