டீலிஸ்டிங்கில் அம்மாவின் காகித ஷேர்கள் பட்ட பாடு

பணம் வந்துவிட்டது, ஆனால் அம்மாவின் பங்குகளுக்குக் கட்ட வேண்டியிருக்காத வரி கட்ட வேண்டியதாகிவிட்டது. அந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. வீட்டில் பழைய ஷேர் சர்டிஃபிகேட் வைத்திருக்கும் யாருக்காவது இது உதவட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கம்பெனி பெயர் வேண்டாம். வெளிநாட்டுத் தாய்க் கம்பெனியிடம் 75% இருந்தது, மீதி எங்களைப் போன்றவர்களிடம். பங்குச் சந்தையிலிருந்து விலகப் போவதாக, அதாவது டீலிஸ்டிங் செய்யப் போவதாக அறிவித்து, தபால் வாக்கெடுப்பு வைத்து, அதற்குக் கீழே போக முடியாத தரை விலையாக 400 ரூபாய் சொன்னார்கள். அந்த வாக்கெடுப்பில் பொதுப் பங்குதாரர்களின் ஆதரவு ஓட்டு, எதிர் ஓட்டைப்போல் இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். நம் ஓட்டு உண்மையிலேயே எண்ணப்படுகிற இடம் அது ஒன்றுதான் என்பதால், மின்னஞ்சலில் வரும் லிங்க்கைத் தள்ளிவிடாதீர்கள்.

என்னிடம் டீமேட்டில் 150 பங்குகள். அம்மா பெயரில் 300, எல்லாம் தொண்ணூறுகளில் வாங்கிய காகிதம்.

விலை எப்படி முடிவாகிறது என்பதில்தான் நிறைய பேர் குழம்புகிறார்கள். கம்பெனிக்கு மொத்தம் ஒரு கோடி பங்கு என்று வைத்துக்கொள்வோம். 75 லட்சம் அவர்களிடம். 90% சேர்ந்தால்தான் டீலிஸ்டிங், அதாவது இன்னும் 15 லட்சம் வேண்டும். இதற்கு நடக்கும் ஏலத்தில் நாம் ஒவ்வொருவரும் நமக்கு வேண்டிய விலையைக் கேட்கிறோம். 400-இல் 3 லட்சம் பங்கு வருகிறது, 500-இல் 5 லட்சம், 600-இல் 6 லட்சம். இதுவரை 14. அடுத்து 650-இல் 2 லட்சம் வந்தால் 16 ஆகிவிடும், 15-ஐத் தாண்டிய அந்த 650தான் விலை. 400 கேட்டவருக்கும் 650தான் கிடைக்கும். அதனால் குறைத்துக் கேட்டால் நமக்குக் குறைவாகக் கிடைக்கும் என்ற பயம் வேண்டாம், ஆனால் எல்லோரும் அப்படிக் குறைத்தால் எல்லோருக்கும் விலை இறங்கும். அதிகமாகக் கேட்டு வெளியே நின்றுவிட்டாலும், டீலிஸ்டிங் நடந்துவிட்டால் அதே விலையில் கொடுக்க ஓராண்டு அவகாசம் உண்டு. இதைப் பார்த்து "அப்ப நிதானமா கொடுத்துக்கலாமே" என்று தோன்றும். அங்கேதான் வரி உட்கார்ந்திருக்கிறது, பிறகு சொல்கிறேன்.

வந்த விலையை வாங்குபவர், அதாவது தாய்க் கம்பெனி, வேண்டாம் என்று சொல்லவும் முடியும், அல்லது எதிர் விலை சொல்லலாம். தேவையான பங்கே சேராமலும் போகலாம். 2020 அக்டோபரில் வேதாந்தாவுக்கு அதுதான் நடந்தது: சுமார் 134 கோடி பங்கு தேவைப்பட்டது, உறுதியானது 125 கோடிதான், முயற்சி தோற்றது, பங்கும் கடுமையாகச் சரிந்தது. ஆகவே சந்தை விலை ஏற்கெனவே நீங்கள் எதிர்பார்க்கும் விலைக்குப் பக்கத்தில் வந்துவிட்டால், சாதாரணமாகச் சந்தையில் விற்றுவிட்டு நிம்மதியாக இருப்பதும் நல்ல முடிவுதான். 2024-க்குப் பிறகு தரை விலைக்கு மேல் குறைந்தது 15% வைத்து வாங்குபவரே ஒரு நிலையான விலை சொல்லும் வழியும் வந்திருக்கிறது, அதில் இந்த ஏல யூகம் இல்லை.

ஏலம் ஐந்து வேலை நாட்கள். எந்த விலையில் எவ்வளவு பங்கு வந்திருக்கிறது என்பதை எக்ஸ்சேஞ்ச் இணையதளத்தில் பார்க்கலாம். போட்ட விலையை ஏற்றலாம், இறக்க முடியாது. ஏற்றுவதும் கடைசி நாளுக்கு முந்தைய நாளோடு சரி. என் புரோக்கர் ஆப்பில் டீலிஸ்டிங் என்று ஒரு மெனுவே இல்லை. டீலிங் டெஸ்க்குக்கு ஃபோன் செய்து 625-க்குப் போட்டேன், வேலை முடிந்தது.

அம்மாவுடையதுதான் சிக்கல். புரோக்கர் கிளையில் இருந்தவர் சர்டிஃபிகேட்டைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "பிசிகல் எல்லாம் இப்ப செல்லாது மேடம், டீமேட் பண்ணிட்டு வாங்க" என்றார். இது தவறு. காகிதப் பங்கைப் பெயர் மாற்றத்துக்குக் கொடுப்பதுதான் 2019 ஏப்ரலிலிருந்து நின்றது. ஓப்பன் ஆஃபர், பைபேக், டீலிஸ்டிங் மூன்றிலும் காகிதமாகவே கொடுக்கலாம் என்று செபி 2020-இலேயே தெளிவாக்கிவிட்டது. சலுகைக் கடிதத்தின் உள்பக்கத்தில் அந்த வழிமுறையே அச்சாகியிருந்தது: புரோக்கர் ஏலம் போட்டு ரசீது அச்சிட்டுக் கொடுக்க வேண்டும், அதோடு அசல் சர்டிஃபிகேட், கையெழுத்திட்ட எஸ்எச்-4 என்ற பங்கு மாற்றப் படிவம், பான் நகல் எல்லாம் கம்பெனியின் பங்குப் பதிவுகளைக் கவனிக்கும் ரெஜிஸ்ட்ராருக்குப் போக வேண்டும். அந்தப் பக்கத்தைக் காட்டினேன். மேலதிகாரியைக் கேட்டுச் சொல்கிறோம் என்றார்கள். கேட்டு முடிப்பதற்குள் ஏலம் முடிந்தது.

விலை 650 என்று முடிவாகி, வாங்குபவரும் ஒப்புக்கொண்டார். என் பணம் தானாகக் கணக்குக்கு வந்தது.

அம்மாவின் பங்குகளை ஓராண்டு வெளியேறும் அவகாசத்தில் நேரடியாக ரெஜிஸ்ட்ராருக்கு அனுப்பினோம். கையெழுத்து பொருந்தவில்லை என்று திரும்பி வந்தது. முப்பது வருடத்துக்கு முன் போட்ட கையெழுத்து, இப்போது அம்மாவுக்குக் கை நடுங்குகிறது, எப்படிப் பொருந்தும்? இதற்கு ஐஎஸ்ஆர்-2 என்ற படிவம் இருக்கிறது. வங்கி மேலாளர் முன் கையெழுத்திட்டு, அவர் பெயரும் முத்திரையும் வாங்க வேண்டும். அந்த மேலாளர் அம்மாவை உட்காரவைத்து, நிதானமாகப் போடச் சொல்லி, உடனே முத்திரை குத்திக் கொடுத்தார். இந்தக் கதையில் நல்ல மனிதர் அவர்தான். சலுகைக் கடிதத்தின் முன்பக்கத்தில் இருக்கும் இந்தச் சலுகையை நடத்தும் மெர்ச்சன்ட் பேங்கரின் மின்னஞ்சலுக்கும் எழுதினேன், என்னென்ன காகிதம் வேண்டும் என்று தெளிவாகப் பதில் வந்தது. நீங்கள் முதலிலேயே அங்கே எழுதிவிடுங்கள், கிளையில் நிற்காதீர்கள்.

இப்போது வரி. ஏலத்தில் கொடுத்திருந்தால் அது எக்ஸ்சேஞ்ச் வழி விற்பனை, எஸ்டிடி என்ற பங்குப் பரிவர்த்தனை வரி பிடிப்பார்கள். 2018 ஜனவரி 31 விலையை அடக்க விலையாகக் காட்டலாம், அன்று 380. லாபம் பங்குக்கு 270, முந்நூறுக்கு 81,000. ஆண்டுக்கு 1.25 லட்சம் வரை விலக்கு என்பதால் வரியே கிடையாது. டீலிஸ்ட் ஆன பிறகு கொடுத்தால் எஸ்டிடி இல்லை, அதனால் அந்த விலக்கும் இல்லை, 2018 விலையும் இல்லை. 2001 ஏப்ரல் 1 மதிப்பைத்தான் எடுக்க முடியும், அது 40. லாபம் 1,83,000 ஆகிவிட்டது. 12.5% என்றால் 22,875, அதன்மேல் செஸ். பென்ஷன் வருவதால் அம்மாவுக்கு அடிப்படை வரி விலக்கு வரம்பிலும் இடமில்லை. அதே பங்கு, அதே 650, சில வாரத் தாமதத்துக்கு இவ்வளவு.

"விற்கவே வேண்டாம், வைத்திருந்தால் இன்னும் கிடைக்கும்" என்று மாமா சொன்னார். கேட்பரி இந்தியாவில் அப்படி வைத்திருந்தவர்களுக்குக் கிடைத்தது உண்மைதான். மீதிப் பங்குகளை ரத்து செய்து பணம் கொடுக்கும் மூலதனக் குறைப்பில் கம்பெனி முதலில் சொன்னது பங்குக்கு 1,340 ரூபாய், பாம்பே உயர் நீதிமன்றம் 2014-இல் 2,014.50 ஆக்கியது. ஆனால் வழக்கு வருடக்கணக்கில் இழுத்தது, இடையில் விற்க சந்தையும் இல்லை. 300 பங்குக்கு, எழுபத்தைந்து வயது அம்மாவுக்கு, அது சரிப்படாது என்று நான் நினைத்தேன்.

புரோக்கர் மேல் செபியின் ஸ்கோர்ஸ் தளத்தில் புகார் போட்டிருக்கிறேன், சலுகைக் கடிதத்தின் அந்தப் பக்கத்தையும் இணைத்து. "ஊழியருக்குப் பயிற்சி அளிக்கிறோம்" என்று முதல் பதில் வந்தது. அதை ஏற்காமல் மேல்முறையீடு கொடுத்திருக்கிறேன். வீட்டில் காகித ஷேர் இருப்பவர்கள் ஏதாவது அறிவிப்பு வரும்வரை காத்திருக்காமல் பான், முகவரி, வங்கி விவரங்களுக்கான ஐஎஸ்ஆர்-1, கையெழுத்துக்கான ஐஎஸ்ஆர்-2 இரண்டையும் இந்த மாதமே ரெஜிஸ்ட்ராருக்கு அனுப்பிவிடுங்கள். ஏலத்தின் ஐந்து நாளுக்குள் கையெழுத்தைச் சரிசெய்ய முடியாது.