தூளிக்கயிற்றின் சத்தம்

தஞ்சைப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், ஓட்டு வீட்டின் தாழ்வாரத்தில், கொள்ளுப்பேரனைத் தூளியில் ஆட்டிக்கொண்டே ஒரு பாட்டி பாடிய தாலாட்டு அது. ஆறு நிமிடம், ஒரே மைக். ஆவணப்படத்துக்காக ஒலியைச் சீர்செய்யும் என் மேசைக்கு வந்தபோது, பாட்டுக்கு நடுவே கைபேசி ஒன்று மணியடித்தது, தெருநாய் குரைத்தது, மைக் அருகே யாரோ இருமினார். படப்பிடிப்புக் குழு ஊர் திரும்பியிருந்தது. பாட்டி படுக்கையில் விழுந்திருந்தார். இருக்கும் பதிவைத்தான் சீர்செய்தாக வேண்டும்.

வழக்கமான அலைவடிவத்தில் பார்த்தால் எல்லாச் சத்தமும் ஒரே மேடாகத் தெரியும். நாயை வெட்டினால் பாட்டியும் போய்விடுவார். ஸ்பெக்ட்ரோகிராம் அந்த மேட்டைப் பிரித்துக் காட்டும்: இடமிருந்து வலமாக நேரம், கீழிருந்து மேலாகச் சுருதி, வெளிச்சம் கூடிய இடத்தில் சத்தம் அதிகம். பாட்டியின் குரல் ஏணிப்படிகளைப் போல அடுக்கடுக்கான கோடுகளாகத் தெரிந்தது. அடிக்கோடு 220 ஹெர்ட்ஸ் அருகே. அதன் மடங்குகளில் மற்றவை. ராகம் அசையும்போதெல்லாம் அத்தனை கோடுகளும் சேர்ந்து அலைந்தன.

கைபேசி மணி அசையவே இல்லை. 2,000 ஹெர்ட்ஸுக்கு மேலே, அடிமட்டம் வைத்து இழுத்தது போல நேரான சிறு கோடுகள். அசையும் கோடு பாட்டி, அசையாத கோடு கைபேசி என்று கண்ணே சொல்லிவிட்டது. ஆனால் ஆரம்பத்தில் இரண்டும் ஒட்டிக்கொண்டு தெரிந்தன. ஒலியைச் சுருதிகளாகப் பிரிக்க ஒரு தடவைக்கு எத்தனை மாதிரிகளை எடுப்பது என்பதுதான் FFT அளவு; அதை 2048இலிருந்து 8192க்கு ஏற்றினேன். கோடுகள் மெலிந்து விலகின. அதற்கு விலையாக நேரம் மங்கும்: வினாடிக்கு 48,000 மாதிரி என்ற வேகத்தில் அந்த அளவு கிட்டத்தட்ட 170 மில்லிவினாடியை ஒரே பார்வையில் அள்ளிக்கொள்கிறது. மணிக்கு அது போதும்; குரைப்புக்கு மறுபடி குறைக்க வேண்டும்.

மணியின் ஒவ்வொரு கோட்டையும் மெல்லிய பட்டையாகத் தேர்ந்து, தேர்ந்த பகுதியை மட்டும் ஒலிக்கவிட்டுக் கேட்டேன். அதில் குரலின் சாயல் கேட்டால் பட்டை அகலம் என்று பொருள். பிறகு அழிக்கவில்லை, 18 டெசிபல் தணித்தேன். முழுவதும் அழித்தால் அங்கே கறுப்பு ஓட்டை விழும். குரல் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போலாகிவிடும். குரலின் கோடும் மணியின் கோடும் குறுக்கிடும் இரண்டு இடங்களைத் தொடவே இல்லை. அங்கே குரலே மணியை மூடிக்கொள்கிறது.

குரைப்பு நல்லவேளையாகப் பாட்டின் இரண்டு அடிகளுக்கு நடுவே, பாட்டி மூச்சு வாங்கும் இடைவெளியில் விழுந்திருந்தது. கவிழ்த்த கிண்ணங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய தோற்றம், கால் வினாடி அகலம். விரும்பிய வடிவில் கோடிழுத்துத் தேர்வு செய்யும் லேசோ கருவியால் சுற்றி வளைத்து, இருபுறமும் உள்ள தாழ்வாரத்தின் அமைதியைக் கொண்டு நிரப்பச் செய்தேன். நாய் போய்விட்டது, ஆனால் சுவர் குரைத்தது. குரைப்புக்குப் பிந்தைய அரை வினாடி எதிரொலி, மங்கிய வாலாகத் திரையில் இருந்ததை நான் விட்டுவிட்டிருந்தேன். வாலையும் சேர்த்து மறுபடி செய்தேன்.

இருமல்தான் அடங்கவில்லை. அது கோடே இல்லாத புகை, கீழிருந்து மேல்வரை ஒரே பரப்பு. அது ‘கண்ணே’ என்ற சொல்லின் தொடக்கத்தில் விழுந்திருந்தது. ககரமும் ஒரு குறும்வெடிப்புத்தான். எது இருமல், எது எழுத்து என்று பிரிக்கக் கோடு இல்லை. தயாரிப்பாளர், “அடுத்த கண்ணியில் அதே சொல் வருகிறதே சார், எடுத்து ஒட்டிவிடுங்களேன்” என்றார். ஒட்டிப் பார்த்தேன். அங்கே குரல் சற்றுத் தாழ்ந்திருந்தது, குழந்தை உறங்கத் தொடங்கியதால் பாட்டி மெதுவாகவும் சொன்னார். விழித்த குழந்தைக்குச் சொன்ன சொல்லின் இடத்தில் உறங்கும் குழந்தைக்குச் சொன்னதை வைக்க எனக்கு மனம் வரவில்லை. குரல் இல்லாத உயரங்களில் மட்டும் இருமலை 6 டெசிபல் தணித்து, மிச்சத்தை விட்டுவிட்டேன். தயாரிப்பாளரும் கேட்டுவிட்டுச் சம்மதித்தார்.

எல்லாம் முடிந்து, திரையை அணைத்துவிட்டு ஹெட்போனில் முதலிலிருந்து கேட்டேன். குரைப்பு இருந்த இடத்தில் என் காது ஒரு கணம் தடுக்கியது. என்ன குறைகிறது என்று மூன்று முறை கேட்ட பிறகே பிடிபட்டது: தூளிக்கயிறு. உத்தரத்தில் உராய்ந்து, ஏறக்குறைய இரண்டு வினாடிக்கு ஒருமுறை ‘கிரீச்’ என்ற அதன் சத்தம் பாட்டு முழுக்கத் தாளமாக ஓடிக்கொண்டிருந்தது. குரைப்பின் வாலோடு அதில் ஒன்றைத் துடைத்துவிட்டிருந்தேன். மூலப்பதிவைத் தொடாமல் பிரதியில்தான் வேலை செய்வேன் என்பதால் அதைத் திரும்பிப் பார்க்க முடிந்தது. 900 ஹெர்ட்ஸ் அருகே, நாயின் வாலுக்குள், வளைந்த நகக்கீறல் போல அது தெரிந்தது. அந்தக் கீறலை விட்டுவிட்டு அதன் மேலும் கீழும் மட்டும் புதிதாகத் தேர்ந்து வாலை அகற்றினேன். தூளி ஓர் ஆட்டமும் தவறாமல் ஆடியது.