அப்பாவின் கணக்கில் வந்தது 8,64,000. அதில் அவர் சம்பாதித்தது எவ்வளவு?

எங்கள் வீடு திண்டிவனம் பக்கம். அப்பா பெயின்டர். இரண்டு மூன்று பேரை உடன் வைத்துக்கொண்டு சின்னச் சின்ன கான்ட்ராக்ட் எடுத்துச் செய்கிறார். ஊரில் அவரை மேஸ்திரி என்பார்கள். ஷீட் போட்ட முன்பக்கத்தை இடித்துவிட்டு கான்கிரீட் போட வேண்டும் என்று சென்ற ஆண்டு ஒரு நிறுவனத்தில் கடன் கேட்டோம். அவர்கள் ஏப்ரல் 2024 முதல் மார்ச் 2025 வரையிலான வங்கி ஸ்டேட்மென்டை வாங்கிப் பார்த்தார்கள். வரவு மொத்தம் 8,64,000 ரூபாய், மாதத்துக்கு 72,000. அதில் பாதியை வருமானமாக எடுத்துக்கொண்டால்கூட 36,000 வருகிறது, மாதம் 15,000 தவணை தாராளமாகக் கட்டலாம் என்றார் வந்தவர்.

அம்மா என்னைப் பார்த்தார். மாதம் 36,000 எங்கள் வீட்டுக்குள் வந்திருந்தால் வீடு இப்படி இருந்திருக்காது. ஆனால் "இல்லை சார், அவ்வளவு வராது" என்று சொல்ல எங்களிடமும் ஒரு எண் இல்லை. அப்பாவைக் கேட்டால் "வரும் போகும்மா" என்பார். சரி, நாமே கணக்குப் போட்டுவிடுவோம் என்று உட்கார்ந்தேன். நான்கு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின.

முதலில் ஸ்டேட்மென்டை எக்செலில் இறக்கினேன். பி.டி.எஃப். மட்டும் வைத்துக்கொண்டு இந்த வேலையைச் செய்ய முடியாது. ஒவ்வொரு வரவுக்குப் பக்கத்திலும் ஒரு பெயர் எழுத வேண்டும், அப்புறம் பெயர்வாரியாகக் கூட்ட வேண்டும். கடைசி நெடுவரிசையில் வேலை, கடன், சொந்தப் பணம், திரும்பியது, தெரியாது என்று ஐந்தே பெயர்கள் வைத்தேன். தொகை D-யிலும் பெயர் E-யிலும் இருந்தால், கூட்டுவதற்கு இது போதும்:

```
=SUMIF(E:E,"வேலை",D:D)
```

வருமானமே இல்லாதவை முதலில் கண்ணில் பட்டன. நகையை அடகு வைத்த 60,000, சீட்டு எடுத்த 48,000, நாங்கள் கொடுத்திருந்த கைமாற்றைச் சித்தப்பா திருப்பிப் போட்ட 25,000. இவை பெரிய தொகைகள், அதனால் எல்லோருக்கும் ஞாபகம் இருந்தன. பெயின்ட் கடைக்குப் போட்ட பணம் பாதியில் நின்று திரும்பி வந்தவையும் வரவுப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தன, ஆண்டு முழுவதற்கும் 7,000. அதைக் கண்டுபிடிப்பது சுலபம். யு.பி.ஐ. வரிகளில் 12 இலக்க எண் ஒன்று இருக்கும். போன பணத்துக்கும் திரும்பிய பணத்துக்கும் அந்த எண் ஒன்றாகவே இருந்தது. எங்கள் ஸ்டேட்மென்டில் போனது `UPI/DR`, திரும்பியது `UPI/REV` என்று தொடங்கியது.

வங்கி மெஷினில் போட்ட ரொக்கம்தான் குழப்பியது, மொத்தம் 42,000. பழைய டி.வி.எஸ். வண்டி ஒன்று வாங்குவதற்காக அப்பா எடுத்த 18,000, வண்டி படியாததால் நான்கு நாள் கழித்து அப்படியே திரும்பப் போயிருந்தது. அது வருமானம் இல்லை. மீதி 24,000 கூலியாகக் கையில் வாங்கியது, அது வருமானம். இரண்டும் ஸ்டேட்மென்டில் ஒரே மாதிரிதான் தெரியும். ரொக்கம் போட்ட நாளுக்கு முந்தைய பத்து நாளில் அதே தொகை எடுக்கப்பட்டிருக்கிறதா என்று மேலே பார்த்ததில்தான் பிரிந்தது.

இவற்றையெல்லாம் கழித்ததும் 7,06,000 நின்றது. இன்னொன்றும் கழிய வேண்டியிருந்தது. மார்ச் 28ஆம் தேதி ஒரு வீட்டுக்காரர் 30,000 அட்வான்ஸ் போட்டிருந்தார், வேலை தொடங்கியதோ ஏப்ரலில். அது அடுத்த ஆண்டின் பணம். ஆக 6,76,000.

நான் செய்த தவறு இங்கேதான். 6,76,000-ஐ 12-ஆல் வகுத்து, மாதம் 56,333 என்று அப்பாவிடம் காட்டினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பெயின்டு யார் காசும்மா?" என்றார்.

வீட்டுக்காரர்கள் பொருளோடு சேர்த்துத்தான் பேசுவார்கள். பெயின்ட் பக்கெட்டும் சுவருக்குப் பூசும் பட்டியும் அப்பா வாங்கிப் போட வேண்டும். கூட வருகிறவர்களின் கூலியும் அப்பா கணக்குக்கே வந்து, அங்கிருந்து பிரிந்து போகும். இன்ஜினியர் ஒருவர் கட்டடத்தில் வேலை செய்த நான்கு பேரின் வாரக் கூலியையும் மொத்தமாக அப்பாவுக்கே போட்டுவிடுவார். சனிக்கிழமை 18,000 வரும், அன்று இரவே 13,000 வெளியே போகும். வரவை மட்டும் பார்க்கிறவருக்கு அந்த 18,000 அப்பாவின் சம்பாத்தியம்.

பெயின்ட் செலவைப் பிடிக்க வழி இருந்தது. அப்பா பெரும்பாலும் ஒரே கடையில் வாங்குவார், அவர்கள் நோட்டில் பற்று எழுதுவார்கள். கடைக்காரரிடம் கேட்டதும் ஆண்டுக் கணக்கை எடுத்துக் கொடுத்தார்: பெயின்ட், பிரைமர், 40 கிலோ பட்டி மூட்டைகள் எல்லாம் சேர்த்து 2,38,000. ஆட்கள் கூலிக்கு யு.பி.ஐ. வரிகள் போதவில்லை, ஏனென்றால் பாதிக்கு மேல் ரொக்கம். அதற்கு உதவியது எங்கள் வீட்டுக் கூடத்தில் தொங்கும் மாதக் காலண்டர்.

அந்தக் காலண்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு தேதிக் கட்டத்திலும் அப்பா பென்சிலால் கோடு போட்டிருப்பார். நேர்க்கோடு என்றால் முழு நாள், பாதிக் கோடு என்றால் அரை நாள். கூட வந்தவர்களின் முதலெழுத்து கீழே பொடியாக இருக்கும். யாருக்காவது முன்பணம் கொடுத்திருந்தால் அந்த எழுத்தைச் சுற்றி வட்டம். இருபது வருடமாக இப்படித்தான். நான் அதை அலங்காரக் கிறுக்கல் என்றே நினைத்திருந்தேன். 2024 காலண்டரை அம்மா பரணில் சுருட்டி வைத்திருந்ததால் தப்பித்தோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமை அதற்கே போயின. ஆட்கள் கூலி 2,34,000 என்று வந்தது. சார வாடகை, உப்புத்தாள், ரோலர், வண்டிக்கூலி எல்லாம் சேர்த்து 18,000 என்று அப்பா சொன்னார். அதற்குச் சரியான பில் இல்லை, குறைத்துச் சொல்லியிருக்கவே வாய்ப்பு.

இந்த மூன்றும் சேர்ந்து 4,90,000. கழித்தால் 1,86,000.

வங்கிப் பக்கம் வராத பணம் இன்னும் இருந்தது. ஒரு கதவு, இரண்டு ஜன்னல், சாமி அறை மட்டும் என்று அப்பா தனியாகப் போய்ச் செய்யும் வேலைகளுக்குக் கையில்தான் கொடுப்பார்கள். அவற்றுக்குக் காலண்டரில் கோட்டுக்குப் பக்கத்தில் தொகையே எழுதியிருந்தார். ஆண்டுக்கு 86,000. அதில் 24,000 ஏற்கனவே மெஷின் வழியாக வங்கியில் சேர்ந்து கணக்கில் வந்துவிட்டது. அதை மறந்து 86,000 முழுவதையும் கூட்டியிருந்தால் அந்த 24,000 இரண்டு தடவை ஏறியிருக்கும். 62,000 மட்டும் சேர்த்தேன்.

இதற்கு நேர்மாறாக ஒன்றும் நடந்தது. பெயின்ட் நிறுவனத்திலிருந்து 120, 340, 75 என்று பொடித் தொகைகள் வந்துகொண்டே இருந்தன. கேஷ்பேக் ஏதோ என்று நினைத்து நான் தள்ளிவிட்டேன். பக்கெட்டுக்குள் இருக்கும் டோக்கனை ஸ்கேன் செய்தால் பெயின்டருக்கு வரும் பணம் அது என்று அப்பா சொன்னார். ஆண்டுக்கு 9,400 இருந்தது. சுத்தமாக அவருடைய வருமானம், அதற்கு எதிரே செலவே கிடையாது. "வேலை" என்று பெயர் மாற்றினேன். மேலே சொன்ன 6,76,000-க்குள் அதுவும் இருக்கிறது.

முடிவில் 2,48,000. 12-ஆல் வகுத்தால் மாதம் 20,666.

இந்த எண் சரிதானா என்று பார்க்க ஒரு குறுக்கு வழி வைத்துக்கொண்டேன். காலண்டரில் அப்பாவின் நாள்களை மட்டும் எண்ணினேன், 214 வந்தது. 2,48,000-ஐ 214-ஆல் வகுத்தால் நாளுக்கு 1,159. எங்கள் பக்கம் அவர் வாங்கும் நாள் கூலி 1,000, மேஸ்திரி என்பதால் கான்ட்ராக்டில் கொஞ்சம் மேலே நிற்கும். பொருந்தியது. 1,800 என்று வந்திருந்தால் ஏதோ பெயின்ட் செலவு விட்டுப்போயிருக்கிறது என்று அர்த்தம். 700 என்று வந்திருந்தால் கையில் வாங்கியது எங்கேயோ தவறியிருக்கும்.

சராசரி கிடைத்ததும் தவணைக்கு ஓடிவிடக் கூடாது என்று தோன்றியது, ஏனென்றால் தவணை மாதாமாதம் வரும். பணம் வந்த தேதியை விட்டுவிட்டு, வேலை நடந்த தேதியை வைத்து மாதவாரியாகப் பிரித்தேன். ஜனவரியில் 35,500. பொங்கலுக்குள் வெள்ளையடித்து முடிக்க வேண்டும் என்று எல்லோரும் கூப்பிடுகிற நேரம் அது. நவம்பரில் வெறும் 6,300. மழைக்காலத்தில் வெளிச்சுவரைத் தொட முடியாது. நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து எங்கள் மாவட்டத்தையே மூழ்கடித்தது. தண்ணீர் வடிந்த பிறகும் சுவர் காய வேண்டுமே, ஈரச் சுவரில் அடித்தால் உப்பு பூத்து உரிந்துவிடும். டிசம்பரில் 11,700தான் தேறியது. இந்த இரண்டு மாதமும் சேர்ந்து 18,000, மாதத்துக்கு 9,000. ஆடியில் கிரகப்பிரவேசம் இல்லாததால் ஆகஸ்டும் 14,000-க்கு இறங்கியிருந்தது. மூன்று மாத ஸ்டேட்மென்ட் போதும் என்று ஏப்ரல், மே, ஜூனை மட்டும் எடுத்திருந்தால் மாதம் 24,500 என்று காட்டியிருக்கும், அந்த மாதங்களில் மழையும் இல்லை ஆடியும் இல்லை.

எங்கள் வீட்டுச் செலவு எப்படிச் சுருக்கினாலும் 15,000. மீதி ஐயாயிரத்துச் சொச்சம். கான்கிரீட் முழுவதும் வேண்டாம், முன் அறைக்கு மட்டும் போதும் என்று அம்மாதான் சொன்னார். 4,800 தவணை வருகிற மாதிரித் தொகையைக் குறைத்துக் கேட்டோம். ஒரே தாளில் மேலே 8,64,000, கீழே ஒவ்வொரு கழிவும், கடைசியில் 20,666 என்று எழுதி, பெயின்ட் கடைக் கணக்கையும் காலண்டரையும் கொண்டுபோனோம். அந்த அதிகாரி காலண்டரை நெடுநேரம் புரட்டினார். "இந்த வட்டம் என்ன?" என்று கேட்டார். அப்பா விளக்கினார்.

கடன் கிடைத்தது. ஜனவரியில் வந்த பணத்திலிருந்து மழை மாதத் தவணை இரண்டுக்காக 9,600-ஐ அம்மாவின் தபால் நிலையக் கணக்கில் போட்டு வைத்திருக்கிறோம். அப்பா இப்போது காலண்டரில் பெயின்ட் பில் தொகையையும் எழுதுகிறார், அதற்கு மட்டும் சிவப்புப் பேனா.