மைக்க நடுவுல வச்சுட்டு மேசையப் போடுங்க

ஹைபிரிட் மீட்டிங்னதும் நம்ம ஆளுங்க மொதல்ல கேக்குறது கேமரா என்ன கேமரா, டிவி எத்தனை இஞ்ச்ங்கிறதத்தான். ஆனா படம் கொஞ்சம் மங்கலா இருந்தாக்கூட ஆன்லைன்ல இருக்கிறவங்க பொறுத்துக்குவாங்க, பேச்சு புரியலன்னா கொஞ்ச நேரத்துல மியூட்டப் போட்டுட்டு மெயில் பாக்கப் போயிருவாங்க, அப்புறம் பேரு மட்டும் ஸ்க்ரீன்ல இருக்கும், ஆளு இருக்கமாட்டாரு. அதனால ஒரே ஒரு கேமரா, ஒரே ஒரு டேபிள் மைக், இத வச்சு மீட்டிங் ஓட்டணும்னா நான் மைக்க வச்சுத்தான் ரூமையே போடுவேன், கேமரா அதுக்கப்புறம்தான்.

எங்க ஆபீஸ் மதுரை கே.கே.நகர்ல. கண்மாய் தூர்வாருறது, மடை சரிபண்றதுன்னு விவசாயிங்க குழுக்களோட வேலை. மாசாந்திர ரிவ்யூவுக்கு மேலூர், உசிலம்பட்டி, திருமங்கலம் பக்கமிருந்து ஃபீல்டு ஆளுங்க நேர்ல வந்துருவாங்க, சென்னைலருந்து அக்கவுண்ட்ஸ் பாக்குறவங்களும் பெங்களூர்லருந்து ஒரு இன்ஜினியரும் ஆன்லைன்ல. ஒரு ரிவ்யூ முடிஞ்சு இன்ஜினியர் எனக்கு ஃபோன் போட்டு, "தம்பி, டைரக்டர் பேசுறது காதுக்குள்ள பேசுற மாதிரி இருக்கு, உசிலம்பட்டிலருந்து வந்த அம்மா ஏதோ கிணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி இருக்கு, மடையோட அளவு சொன்னாங்க, ஒண்ணுமே வெளங்கல"ன்னாரு. டைரக்டர் சார் இதக் கேட்டதும் புது மைக் வாங்கிருவோமான்னாரு. வேணாம் சார், மொதல்ல டேப்ப எடுத்து அளந்து பாப்போம்னேன்.

ஆறடிக்கு மூணடி மேசை ரெண்ட நீளவாக்குல ஒட்டிப் போட்டு வச்சிருந்தோம், அதாவது மொத்தம் பன்னண்டடி. டிவி அந்த நீளத்தோட ஒரு முனைக்கு நேரா சுவத்துல. மைக்கோட ஒயர் லேப்டாப்புல மாட்டணும், லேப்டாப் டிவிக்குக் கீழ, அதனால மைக்கும் டிவி பக்கத்து முனையிலயே உக்காந்துருச்சு. டைரக்டர் சார் சேர் அங்கதான், மைக்குக்கும் அவருக்கும் மூணடி. உசிலம்பட்டி அக்கா எப்பவும் கடைசில கதவுகிட்ட உக்காருவாங்க, அங்க அளந்தா பன்னண்டடி.

இதுல இருக்கிற கணக்கு ரொம்ப சிம்பிள். தூரம் ரெண்டு மடங்கானா வாயிலருந்து நேரா மைக்குக்கு வர்ற சத்தம் 6 டெசிபல் கொறையும். மூணடி ஆறடியானா 6, ஆறடி பன்னண்டடியானா இன்னொரு 6, ஆக சாருக்கும் அக்காவுக்கும் நடுவுல 12 டெசிபல் வித்தியாசம், அதுவும் ரெண்டு பேரும் ஒரே அளவு சத்தமா பேசுனாத்தான், அக்கா இயல்பாவே மெதுவா பேசுறவங்க. சரி, மைக் வால்யூம ஏத்திட்டாப் போச்சுன்னு தோணும். அங்கதான் சிக்கல். நேரா வர்ற சத்தம் தூரத்துக்குத் தூரம் கொறையுது, ஆனா சுவத்துலயும் டைல்ஸ் தரையிலயும் கண்ணாடி ஜன்னல்லயும் பட்டுத் திரும்புற எதிரொலி ரூமெல்லாம் கிட்டத்தட்ட ஒரே அளவுலதான் நெறஞ்சு கெடக்கு. பன்னண்டடில இருந்து வர்ற பேச்சுல நேர் சத்தம் கொஞ்சூண்டு, எதிரொலியும் ஃபேன் சத்தமும்தான் ஜாஸ்தி, வால்யூம ஏத்துனா மூணும் சேந்துதான் ஏறும். நாம ஏத்தலன்னாலும் மீட்டிங் ஆப்பு தானா ஏத்தும், அக்கா பேச ஆரம்பிச்சதும் ஃபேன் இரைச்சல் 'ஸ்ஸ்ஸ்'னு மேல வரும், உடனே சார் குறுக்க ஒரு வார்த்தை பேசுனா அந்தப் பக்கம் காதக் கிழிக்கும். ரெக்கார்டிங்ல இப்படி இரைச்சல் ஏறி எறங்குறது கேட்டுச்சுன்னா ஆளுங்க மைக்குலருந்து ஆளுக்கொரு தூரத்துல உக்காந்துருக்காங்கன்னு கண்ண மூடிட்டுச் சொல்லிரலாம்.

அதனால ரெண்டு மேசையையும் நீளவாக்குல இல்லாம பக்கவாட்டுல ஒட்டிப் போட்டோம், ஆறுக்கு ஆறு சதுரம். டிவி பக்கத்துல யாரும் உக்காரக்கூடாது, மத்த மூணு பக்கமும் பக்கத்துக்கு மூணு பேர், மொத்தம் ஒம்பது. மைக் நட்டநடு சென்டர்ல. இப்ப ஒவ்வொரு பக்கத்துலயும் நடுவுல இருக்கிறவருக்கு மேசை மூணடி, தலை ஓரத்துலருந்து ஒரு அடி பின்னாடி, ஆக நாலடி. ஓரத்துல இருக்கிறவங்களுக்கு நாலரை. நாலுக்கும் நாலரைக்கும் ஒரு டெசிபல்தான் வித்தியாசம், காதுக்குத் தெரியாது. பைசா செலவில்ல, ரெண்டு பேரு சேந்து மேசையத் தூக்குனதுதான்.

ஒயர் மட்டும் பாத்துக்கணும். லேப்டாப்புலருந்து மைக்கு வரைக்கும் தரை வழியா போயி மேசை ஏறுற மொத்த நீளம் 5 மீட்டருக்குள்ள இருந்தா சாதா யூஎஸ்பி ஒயர் போதும், அதத் தாண்டுனா ஆக்டிவ் எக்ஸ்டென்ஷன் வாங்கணும், இல்லாட்டி மீட்டிங் நடுவுல மைக் திடீர்னு காணாமப் போயிரும். டிவி பக்கம் ஆள் நடமாட்டம் இல்லங்கிறதால ஒயர அந்த வழியாவே இழுத்து டேப் ஒட்டிட்டோம், யாரு காலும் தடுக்காது. மைக்குக்கு அடில ஒரு துண்ட நாலா மடிச்சுப் போட்டேன், ஏன்னா சன்மைக்கா மேசைல டீ டம்ளர வச்சா, பேனாவத் தட்டுனா, அந்த அதிர்வு மேசை வழியா மைக்குக்குள்ளயே போகுது, நமக்கு லேசா 'டொக்', சென்னைல ஹெட்ஃபோன் போட்டிருக்கிறவங்களுக்கு இடி.

இப்ப கேமரா. டிவிக்கு மேல ஏத்தி வச்சிருந்தாங்க, பாத்தா எல்லாருடைய உச்சந்தலைதான் தெரியுது. டிவிக்குக் கீழ, தரைலருந்து நாலடி உயரத்துக்கு எறக்குனேன், உக்காந்தா நம்ம கண்ணு மட்டம் ஏறக்கொறைய அதுதான், டிவில தெரியிற முகத்தப் பாத்துப் பேசுனா கேமராவப் பாத்த மாதிரியும் ஆயிரும். அடுத்தது எல்லாரும் ஃப்ரேமுக்குள்ள வரணும். எங்க கேமரா பெட்டில 78 டிகிரின்னு போட்டிருந்துச்சு, அது பெரும்பாலும் மூலைக்கு மூலை அளக்குற கணக்கு, படத்தோட அகலத்துக்கு 70 தான் தேறும். பக்கவாட்டுல உக்காந்திருக்கிறவங்க நடுக்கோட்டுலருந்து நாலடி தள்ளி இருக்காங்க, அப்ப மொத ஆளு கேமராலருந்து ஆறடிக்குப் பக்கத்துல வந்தா பாதி முகம் வெட்டுப்படும், தோளும் வரணும்னா ஏழடி வேணும். மேசைய இன்னும் கொஞ்சம் பின்னாடி தள்ளுனதும் சரியாயிருச்சு. மேக்க பாத்த ஜன்னல் எதிர் சுவத்துல இருக்கு, சாயங்கால வெயில்ல அங்க உக்காந்த மூணு பேரும் நெழலாத்தான் தெரிஞ்சாங்க, ஸ்க்ரீன் துணிய இழுத்து விட்டுட்டு ட்யூப்லைட்டப் போட்டாச்சு.

ஃபேன் விஷயம் வேற. மைக்குக்கு நேர் மேல ஒரு சீலிங் ஃபேன், அதோட காத்து மைக்குல பட்டு 'புடுபுடு'ங்குது. மதுரைல சித்திரை மாசத்துல ஃபேன அமத்துங்கன்னு சொல்றவன் உயிரோட வீடு போயிச் சேரமுடியாது, அதனால நடு ஃபேன மட்டும் அமத்திட்டு ஓரத்து ரெண்டையும் கம்மியா ஓடவிட்டோம். ஆப்புல நாய்ஸ் சப்ரஷன்னு ஒண்ணு இருக்கே, அத 'ஹை'ல வச்சா போதாதான்னு கேட்டாங்க. வச்சுப் பாத்தேன், ஃபேன் சத்தம் போயிருச்சு, கூடவே மெதுவா பேசுறவங்க வாக்கியத்தோட கடைசி வார்த்தையும் போயிருச்சு, அதுக்குத் தூரத்துக் குரலும் இரைச்சலும் ஒண்ணுதான். நடுத்தரத்துல வச்சிருக்கேன்.

இவ்வளவும் பண்ணி ரெடியானதும் சென்னைலருந்து மேடம், "என் குரலே எனக்குத் திரும்பி வருதுப்பா"ன்னாங்க. இத ஒரு தடவ தெரிஞ்சு வச்சுக்கிட்டா பெரிய உபகாரம்: நம்ம குரல் நமக்கே திரும்பிக் கேட்டா கோளாறு நம்மகிட்ட இல்ல, எதிர்ப்பக்கம். அப்ப அவங்களுக்கு எதிரொலின்னா வெனை எங்க ரூம்லதான். டேபிள் மைக்லயே ஸ்பீக்கரும் இருக்கு, தன் ஸ்பீக்கர்ல என்ன சத்தம் போகுதுன்னு அதுக்குத் தெரியும், அதக் கழிச்சுட்டுத்தான் அனுப்பும். ஆனா எச்டிஎம்ஐ ஒயரு மாட்டுன உடனே லேப்டாப் தானா சத்தத்த டிவிக்கு மாத்திருச்சு. டிவி சத்தத்தக் கொஞ்சம் தாமதமா வேற விடும், மைக் அத ரூம்ல யாரோ பேசுறாங்கன்னு நெனச்சுத் திருப்பி அனுப்புது. மீட்டிங் ஆப்போட ஆடியோ செட்டிங்ல மைக், ஸ்பீக்கர் ரெண்டுக்கும் அந்த டேபிள் மைக்கையே தேர்ந்தெடுத்ததும் நின்னுருச்சு. டிவி படத்துக்கு மட்டும்.

கொஞ்ச நேரத்துல 'கீஈஈ'ன்னு ஒரு ஊளை. அது வேற கேஸு. மேலூர் தம்பி ஸ்லைடு கிட்டத்துல தெரியட்டும்னு தன்னோட ஃபோன்லயும் மீட்டிங்க தொறந்துட்டான். ரூமுக்குள்ள ரெண்டாவது மைக்கும் ஸ்பீக்கரும் வந்துட்டா ஒண்ணு சத்தத்த இன்னொண்ணு எடுத்துச் சுத்திக்கிட்டே இருக்கும். இதுல மியூட் மட்டும் போதாது, ஃபோன் ஸ்பீக்கர் வழியா வர்ற சத்தத்த நடு மைக் எடுக்கும்ல, அதனால ஆடியோவே சேராம, படத்துக்கு மட்டும் ஜாயின் பண்ணணும். இப்ப கதவுலயே எழுதி ஒட்டிருக்கேன்.

செக் பண்றதுக்கு 'ஹலோ ஹலோ கேக்குதா' எல்லாம் ஆகாது, ஹலோங்கிறது எப்படிக் கெட்டுப்போயி வந்தாலும் ஹலோன்னுதான் கேக்கும். நான் ஒவ்வொரு சேர்லயும் போயி, சாஞ்சு உக்காந்து, பேசுற மாதிரியே சாதாரணமா ஒரு ஊர் பேரும் ஒரு அளவும் சொல்லுவேன், அந்தப் பக்கம் இன்ஜினியர் கேட்டத எழுதிக்கிட்டு கடைசில வாசிக்கணும். பழைய மேசைல கடைசி சேர்லருந்து "ஏழரை அடி"ன்னு சொன்னது அவருக்கு "ஏழடி"ன்னு விழுந்துச்சு, மடைப் பலகை அளவுல அரையடி போனா என்ன ஆகும்னு அவருக்குத்தான் தெரியும். புது மேசைல ஒம்பது சேரும் சரியா வந்துச்சு. ஃபேன் ஓடிட்டு இருக்கிறப்பவே இதச் செய்யணும், ஆள் இல்லாத அமைதியான ரூம்ல செக் பண்ணிட்டுப் போனா மீட்டிங்ல வேற மாதிரிதான் இருக்கும்.

இதுக்கு மேல மேசைப் போட்டுத் தீக்க முடியாதது ரெண்டு இருக்கு. ஒண்ணு, ரெண்டு பேரு ஒரே நேரத்துல பேசுறது. ரூம்ல இருக்கிற நாம எந்தப் பக்கத்துலருந்து யாரு பேசுறாங்கன்னு காது திரும்பிப் பிரிச்சுக்கும், ஒத்த மைக்ல எல்லாம் ஒரே குழாய்ல கலந்து போகுது, அங்க யாராலயும் பிரிக்க முடியாது. பக்கத்து ஆளுகிட்ட குசுகுசுக்கிறதும் இதே கணக்குதான், மைக் நடுவுல வந்ததுலருந்து அதுவும் தெளிவா கேக்குது, சென்னை மேடம் ஒரு நாள் "தம்பி, அந்த பில்லு கதைய எனக்கும் சொல்லுங்க"ன்னதும் திருமங்கலம் அண்ணே முகம் போன போக்கப் பாக்கணும். இன்னொண்ணு ரெண்டாவது வரிசை. குழுத் தலைவருங்க நாலஞ்சு பேரு கூட வந்தா பின்னாடி சேர் போட்டு உக்காருவாங்க, அங்க ஏழு எட்டடி ஆயிரும், மறுபடியும் பழைய கதை. அவங்க பேசணும்னா டிவி பக்கம் காலியா இருக்கிற மேசை ஓரத்துக்கு வந்து நின்னு பேசச் சொல்றோம், மைக்குக்கு மூணு நாலடிதான், கேமராவுக்கு முதுகுதான் தெரியும், பரவால்ல. பெரியவங்க எந்திரிச்சு வரச் சங்கடப்பட்டா பக்கத்துல இருக்கிறவங்க அவங்க சொன்னத மைக்கப் பாத்துத் திருப்பிச் சொல்லிருவாங்க. இப்படி ஆளு பன்னண்டு பதிமூணுன்னு வழக்கமா வர ஆரம்பிச்சா அப்ப ஒத்த மைக் பத்தாது, அதோட சேத்து மாட்டுற ரெண்டாவது மைக் இருக்கிற மாடல்தான் வாங்கணும், டைரக்டர் சார்கிட்ட அந்தக் கொட்டேஷன் இப்பத்தான் குடுத்துருக்கேன்.